சட்டைத் துணிக்கு மெர்சரைசிங்கா, சான்போரைசிங்கா: எதற்குக் காசு கொடுக்கலாம்?

பள்ளிபாளையத்திலோ சோமனூரிலோ காடா துணி எடுத்து, ஈரோட்டில் பிராசசிங் செய்து, சொந்த பிராண்டில் காட்டன் சட்டை தைக்கலாம் என்று இறங்குகிறவர் முதலில் தடுமாறும் இடம் பிராசசிங் பட்டறையின் ரேட் கார்டு. பிளீச் மட்டும் என்றால் ஒரு ரேட், பளபளப்புக்கும் சாயப்பிடிப்புக்கும் மெர்சரைஸ் சேர்த்தால் ஒரு ரேட், துவைத்தால் சுருங்காமல் இருக்கச் சான்போரைஸ் சேர்த்தால் இன்னொன்று, கசங்காமல் இருக்க ரெசின் பினிஷ் என்றால் தனி ரேட். எல்லாமே "தரம் கூடும்" என்ற ஒரே சொல்லால் விற்கப்படுகின்றன. உண்மையில் ஒவ்வொன்றும் கொடுக்கிற சரக்கு வேறு. ஒன்று தருவதை இன்னொன்று தராது. சிலது ஒன்றைக் கொடுத்துவிட்டு வேறொன்றை எடுத்துக்கொள்ளும்.

பேச்சு பிடிபட ஒரு துணியை எடுத்துக்கொள்வோம். பாவும் ஊடையும் குட்டை இழைகளைச் சீவி நீக்கிய 40-ஆம் நம்பர் கோம்டு நூல், 58 அங்குல அகலம், சாதா நெசவு பாப்ளின். பாதியை வெள்ளையாகவும் பாதியை நேவி புளூவாகவும் கேட்கிறார் ஒரு தம்பி. பட்டறைக்காரரிடம் அவர் கேட்ட கேள்வியைத்தான் நானும் பல வாயில் கேட்டிருக்கிறேன்:

"அண்ணா, மெர்சரைஸ் பண்ணீட்டாத் துணி சுருங்காதுன்றாங்களே, அப்பறம் சான்போரைஸ் எதுக்குங்க?"

"அது வேறங்க தம்பி, இது வேற. மெர்சரைஸ் பண்ணுன துணியும் துவைச்சாச் சுருங்கத்தான் செய்யும்."

பதில் சரி. ஆனால் ஏன் என்று தெரிந்தால்தான் எதற்குக் காசு கொடுப்பது என்று முடிவெடுக்க முடியும்.

மெர்சரைசிங் செய்வது என்ன

பஞ்சு இழையை மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் உருளையாக இருக்காது. காய் வெடித்துக் காயும்போது இழையின் உள்ளே இருக்கிற குழல் ஒடுங்கி, இழை தட்டையாகி, அங்கங்கே முறுக்கிக்கொண்ட நாடாவாகிவிடும். அதன் மேல் விழும் வெளிச்சம் பல திசைகளில் சிதறுவதால்தான் பருத்திக்கு இயல்பாகவே மங்கல் தோற்றம்.

இந்த இழையைக் கெட்டியான காஸ்டிக் சோடா கரைசலில் முக்கினால் அது உப்பும். முறுக்கு அவிழும், உட்குழல் கிட்டத்தட்ட மூடிக்கொள்ளும், குறுக்கே வெட்டிப் பார்த்தால் அவரை விதை வடிவம் போய் வட்டத்துக்குப் பக்கத்தில் வந்திருக்கும். உள்ளே செல்லுலோஸ் மூலக்கூறுகள் அடுக்கியிருந்த விதமே மாறிவிடுகிறது; காஸ்டிக்கைக் கழுவி எடுத்த பிறகும் பழைய அடுக்குக்குத் திரும்பாது. அதனால்தான் இதை நிரந்தர பினிஷ் என்கிறோம். எத்தனை முறை துவைத்தாலும் போகாது.

லங்காஷையரைச் சேர்ந்த ஜான் மெர்சர் 1844-இல் கெட்டியான காஸ்டிக்கைப் பருத்தித் துணி வழியாக வடிகட்டியபோது துணி தடித்துச் சுருங்கியதைக் கவனித்தார். 1850-இல் காப்புரிமை வாங்கினார். துணி பலமாகிறது, சாயம் நன்றாகப் பிடிக்கிறது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. ஆனால் துணியில் கால்வாசி சுருங்கிக் குறைந்துபோனதாலும் காஸ்டிக் விலை அதிகமாக இருந்ததாலும் தொழில் அதை அப்போது எடுத்துக்கொள்ளவில்லை. பளபளப்பு அவர் கண்ணில் படவே இல்லை. படாததற்குக் காரணம் உண்டு: அவர் துணியை இழுத்துப் பிடிக்கவில்லை. சுருங்க விடாமல் இழுத்துப் பிடித்தபடி காஸ்டிக் கொடுத்தால்தான் பளபளப்பு வரும் என்று ஹோரஸ் லோ என்பவர் 1890 வாக்கில் கண்டார்.

பட்டறையில் துணி பார்க்கப் போகிறவருக்கு இந்தக் கதையில் ஒரு பயன் இருக்கிறது. மெர்சரைசிங்கில் பளபளப்பைத் தருவது காஸ்டிக் மட்டுமல்ல, காஸ்டிக்கும் இழுவையும் சேர்ந்துதான். இழுவை இல்லாமல் கொடுத்தால் சாயப்பிடிப்பு கூடும், துணிக்கு நெகிழ்வு வரும், பளபளப்பு வராது. ஆகவே "மெர்சரைஸ்" என்று பில்லில் போட்டிருப்பதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. எந்த மெஷினில், எந்தக் கெட்டியில் என்று கேட்க வேண்டும். வழக்கமாக லிட்டருக்கு 270 முதல் 300 கிராம் வரை காஸ்டிக், 15 முதல் 20 டிகிரி வரை குளிர்ச்சி, ஒரு நிமிடத்துக்குச் சற்றுக் குறைவான நேரம். குளிர்ச்சி ஏன் என்றால், காஸ்டிக்கில் இழை உப்புவது சூட்டை வெளிவிடும் வேலை. கரைசல் சூடாக ஆக உப்பல் குறையும். ஈரோட்டுச் சித்திரை வெயிலில் கரைசலைக் குளிர்விக்காமல் ஓட்டினால் மெர்சரைசிங் அரைகுறையாகத்தான் நடக்கும்.

செயின் மெஷின், செயின் இல்லாத மெஷின் என்று இரண்டு வகை உண்டு. செயின் மெஷினில் துணியின் இரண்டு கரைகளையும் கிளிப் கவ்வி அகலத்தை இழுத்துப் பிடித்தபடியே காஸ்டிக்கை நீர்த்துக் கழுவும். செயின் இல்லாததில் துணி ரோலர்களை ஒட்டியே ஓடுகிறது. அகலம் கொஞ்சம் விட்டுக்கொடுக்கும். பளபளப்புத்தான் முக்கியம் என்றால் எனக்குச் செயின் மெஷின் மேல்தான் நம்பிக்கை.

பலத்துக்கு வருவோம். இழுவையோடு மெர்சரைஸ் செய்த நூலின் அறுபடும் பலம் 20 சதவீதம் வரை கூடலாம். இழையில் இருந்த பலவீனமான முறுக்கு மடிப்புகள் நேராகி, சுமை எல்லா இடத்திலும் ஒரே மாதிரி பரவுவதால் வரும் லாபம் இது. சட்டை போடுகிறவருக்கு இது நேரடியாகத் தெரியாது; காலர் மடிப்பிலும் கைமடிப்பிலும் துணி நாள்பட நிற்பதில் கொஞ்சம் தெரியும்.

உற்பத்தியாளருக்கு உடனே தெரிகிற லாபம் சாயத்தில். அடுக்கு தளர்ந்த இழை சாயத்தை அதிகம் உறிஞ்சும். அதே சாயத்துக்கு நிறம் அடர்த்தியாகத் தெரியும். நம் தம்பியின் நேவி புளூ பாதிக்கு மெர்சரைசிங் காசில் ஒரு பகுதி சாயத்தில் திரும்பி வந்துவிடும். முதிராத இழைகள் சாயம் பிடிக்காமல் துணியில் வெளிறிய புள்ளிகளாகத் தெரிவதும் மெர்சரைஸ் செய்தால் வெகுவாகக் குறையும். அடர் நிறத்துக்கு மெர்சரைசிங் வேண்டும் என்று நான் சொல்வதற்குப் பளபளப்பை விட இதுதான் பெரிய காரணம்.

எந்தத் துணிக்கு வீண்

மெர்சரைசிங் எல்லாத் துணியையும் பட்டாக்காது. குட்டை இழைப் பஞ்சில் அப்படிச் சீவி நீக்காத கார்டட் நூலாக நூற்றது என்றால் நூலின் மேல் எங்கும் இழை நுனிகள் நீட்டிக்கொண்டிருக்கும். உள்ளே இழை எவ்வளவு உருண்டாலும் மேலே இருக்கிற மயிர் வெளிச்சத்தைச் சிதறடித்துவிடும். அதனால் மெர்சரைசிங்குக்கு முன் துணியைத் தீயில் ஓட்டி மயிரைப் பொசுக்கும் சின்ஜிங் கட்டாயம். கோம்டு நூல், அதிலும் சுவின் அல்லது கிசா மாதிரி நீள இழைப் பஞ்சு என்றால்தான் கொடுத்த காசு கண்ணுக்குத் தெரியும். 20-ஆம் நம்பர் கார்டட் வெள்ளைத் துணிக்குப் பளபளப்பு வேண்டும் என்று மெர்சரைஸ் செய்வது எனக்கு வீண் செலவாகத்தான் படுகிறது.

கைத்தறிக்காரர்கள் இதைத் துணியில் செய்வதில்லை, நூலிலேயே செய்து வாங்குகிறார்கள். சிட்டமாக இழுவையில் மெர்சரைஸ் செய்த நூலை நெய்தால் தறியில் இருந்து இறங்கும்போதே சேலைக்கும் வேட்டிக்கும் அந்த மினுமினுப்பு இருக்கும்.

சின்னப் பட்டறைகள் ஏன் இதைச் செய்வதில்லை என்பதற்குக் கழிவும் ஒரு காரணம். துணியில் இருந்து கழுவி வரும் காஸ்டிக் தண்ணீரை அப்படியே விட முடியாது. ஆவியாக்கிக் கெட்டிப்படுத்தித் திரும்ப எடுக்கும் பிளான்ட் வேண்டும். நொய்யல் மாசு வழக்கில் 2011-இல் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்ட பிறகு, கழிவு நீர் சொட்டுக்கூட வெளியே விடாத ஏற்பாடு இல்லாமல் இந்தத் தொழில் நடக்காது. மெர்சரைசிங் ரேட்டில் காஸ்டிக்கின் விலையோடு அதை மீட்கும் நீராவியின் விலையும் சேர்ந்தே இருக்கிறது. யாராவது நம்ப முடியாத அளவுக்குக் குறைத்துச் சொன்னால் காஸ்டிக் கெட்டியைக் குறைக்கிறாரா என்று சந்தேகப்படலாம்.

துணி ஏன் சுருங்குகிறது

இப்போது தம்பியின் கேள்விக்கு. தறியில் பாவு இழுத்துக் கட்டப்பட்டிருக்கும். பிளீச், மெர்சரைஸ், சாயம், அகலத்தைப் பிடித்துக் காயவைக்கும் ஸ்டென்டர் என்று ஒவ்வொரு மெஷினும் துணியை நீளவாக்கில் இழுத்துக்கொண்டே போகிறது. இதனால் ஊடைக்கு மேலும் கீழுமாக வளைந்து போக வேண்டிய பாவு நூல் நிமிர்ந்து நேராகிவிடும். அந்த நிலையிலேயே துணி காய்ந்து, மடிந்து, கடைக்கு வந்துவிடுகிறது. வீட்டில் தண்ணீர் பட்டதும் நூல் உப்பும். உப்பிய ஊடையைச் சுற்றிவர பாவுக்கு அதிக நீளம் தேவை; அந்த நீளம் துணியின் நீளத்தில் இருந்துதான் வர வேண்டும். ஊடைகள் ஒன்றையொன்று நெருங்குகின்றன, துணி குட்டையாகிறது. இழை சுருங்குவது சொற்பம். நெசவு தன் இயல்பான இடத்துக்குத் திரும்புவதுதான் பெரும்பகுதி.

மெர்சரைசிங் ஏன் இதைத் தடுக்காது என்பது இங்கே விளங்கும். அது இழையின் உள்ளே நடக்கிற மாற்றம். செயின் மெஷினில் அகலத்தைப் பிடித்தபடி செய்வதால் ஊடைவாக்கில் துணி ஓரளவு நிலைப்படும், அது உண்மை. ஆனால் நீளவாக்கில் அந்த மெஷினும் இழுக்கத்தான் செய்கிறது. அதற்குப் பின் வரும் மெஷின்களும் இழுக்கின்றன. பாவு நேராகவே இருக்கும். முதல் துவைப்பில் கணக்குத் தீரும்.

சான்போரைசிங்: தண்ணீர் செய்வதை மெஷின் முன்கூட்டியே செய்வது

நியூயார்க் மாநிலத்தின் ட்ராய் நகரில் ஏரோ காலர்களும் சட்டைகளும் செய்த கிளூயட் பீபாடி கம்பெனியின் சான்போர்ட் கிளூயட் 1920-களின் கடைசியில் உருவாக்கிய முறை இது. அவர் பெயரே முறைக்கும் ஆனது. முதல் உலகப்போருக்குப் பின் தனியாகக் கழற்றி மாட்டும் கஞ்சிக் காலர் வழக்கம் போய், சட்டையோடு தைத்த மென்மையான காலர் வந்துவிட்டது. சட்டை துவைத்துச் சுருங்கினால் கழுத்து இறுகும். காலர் விற்ற கம்பெனிக்கு இதுதான் வயிற்றுப் பிரச்சினை.

மெஷினின் இதயம் இரண்டு அங்குலத்துக்கு மேல் தடிப்பான ஒரு ரப்பர் பெல்ட். தடித்த அழிரப்பரை விரல்களுக்கு இடையே வளைத்துப் பாருங்கள்: வெளிப்பக்கம் விரிகிறது, நேராக்கி மறுபக்கம் வளைத்தால் அதே பக்கம் குறுகுகிறது. மெஷினில் பெல்ட் ஒரு சின்ன ரோலரைச் சுற்றி வளையும்போது அதன் மேல்பரப்பு விரிந்திருக்கும். ஈரப்பதம் கொடுத்த துணி அந்த இடத்தில் பெல்ட் மேல் போடப்படுகிறது. அடுத்த கணம் பெல்ட் சூடான பெரிய சிலிண்டரை ஒட்டி எதிர்ப்பக்கமாக வளைகிறது, மேல்பரப்பு குறுகுகிறது. சிலிண்டருக்கும் பெல்ட்டுக்கும் நடுவே மாட்டிய துணிக்கு நழுவ வழியில்லை, கூடவே குறுகியாக வேண்டும். ஊடைகள் நெருங்கிவிடுகின்றன. பிறகு தடித்த கம்பளிப் பெல்ட் உள்ள பெரிய சிலிண்டரில் இழுவையே இல்லாமல் காய்ந்து அந்த நிலை படிகிறது. ரசாயனம் ஒரு துளி இல்லை.

பளபளப்புக்கு இது எதுவும் செய்யாது, சிலிண்டர் பட்ட பக்கம் லேசாக வழவழப்பாக இருப்பதைத் தவிர. பலத்தைக் கூட்டாது, குறைக்கவும் செய்யாது. துணி கொஞ்சம் மெத்தென்று ஆகும், மீட்டர் எடை கூடும். சுருக்கம் மட்டும் ஒரு சதவீதத்துக்குள் வந்துவிடும். நம் ஊர் பட்டறைகளில் இதையே 'ஜீரோ ஜீரோ' பினிஷ் என்றும் சொல்வார்கள். பெயர் ஜீரோ என்றாலும் அந்த ஒரு சதவீதத்துக்குள் கொஞ்சம் மிச்சம் இருக்கத்தான் செய்யும்.

மீட்டர் குறைகிறதே?

பாப்ளினுக்கு வருவோம். சான்போரைஸ் செய்வதற்கு முன் ஒரு துண்டில் பாவுவாக்கிலும் ஊடைவாக்கிலும் 50 செ.மீ. அளந்து அழியாத மையில் குறி போட்டு, சோப்புப் போட்டுத் துவைத்து, விரித்துக் காயவைத்து மறுபடி அளக்கிறோம். பாவில் 46.5, ஊடையில் 49 என்று வந்தால் பாவுச் சுருக்கம் 7 சதவீதம், ஊடைச் சுருக்கம் 2 சதவீதம். ஓரத்தில் இருந்து ஒன்றும் நடுவில் இருந்து ஒன்றுமாகச் சில துண்டுகள் எடுத்துச் சராசரி பார்ப்பது நல்லது.

7 சதவீதம் சட்டையில் எவ்வளவு? 30 அங்குல உடம்பு 2 அங்குலத்துக்கு மேல் குட்டையாகும். 24 அங்குலக் கை ஒன்றரை அங்குலத்துக்கு மேல் ஏறிவிடும். காலரின் கதை இன்னும் மோசம். பாவுவாக்கில் வெட்டிய 16 அங்குலக் காலர் ஒரு அங்குலத்துக்கு மேல் குறையப் பார்க்கும், ஆனால் உள்ளே ஒட்டிய பியூசிங் கேன்வாஸ் அதே அளவு சுருங்காது. இரண்டும் ஒன்றையொன்று இழுத்துக் காலர் முழுக்கக் கொப்புளம் கொப்புளமாக எழும்பும். ஒரு முறை எழும்பினால் எந்த இஸ்திரியிலும் அடங்காது. சட்டை திரும்பி வரும்.

பட்டறையில் 6.5 சதவீதம் ஓட்டச் சொல்கிறோம் என்று வைப்போம். 1000 மீட்டர் 935 ஆகத் திரும்பும். முழுதாகத் துவைத்தால் 930-க்குத்தான் போகும் என்பதால் மிச்சச் சுருக்கம் அரை சதவீதம். 65 மீட்டர் எங்கே என்று தம்பிக்கு நெஞ்சு படபடக்கும். கணக்குக்காகச் சான்போரைஸ் வரை வந்த துணி மீட்டர் 130 ரூபாய், சான்போரைஸ் கூலி 3 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 1,33,000 ரூபாயை 935-ஆல் வகுத்தால் மீட்டர் 142 ரூபாய் 25 காசு. பார்க்க 12 ரூபாய் ஏற்றம்.

ஆனால் சான்போரைஸ் செய்யாமல், சுருக்கத்துக்கு இடம் விட்டு வெட்டினால் என்ன ஆகும்? சட்டைக்கு 58 அங்குலத் துணியில் 1.6 மீட்டர் போகிறது என்றால், 7 சதவீதம் சுருங்கியும் அதே அளவு நிற்க 1.72 மீட்டர் போட வேண்டும். 130-ஆல் பெருக்கினால் கிட்டத்தட்ட 224 ரூபாய். சான்போரைஸ் செய்த துணியில் 1.6 மீட்டருக்கு 228 ரூபாய். வித்தியாசம் சட்டைக்கு 4 ரூபாய்! காணாமல் போனதாகத் தெரிந்த மீட்டர் எப்படியும் சட்டைக்குள்தான் போயிருக்க வேண்டியது. மெஷினுக்குக் கொடுக்கும் கூலி மட்டுமே உண்மையான கூடுதல் செலவு.

இடம் விட்டு வெட்டுவதில் கணக்கில் வராத தொல்லை ஒன்றும் இருக்கிறது. ஒரு ரோல் 5 சதவீதம் சுருங்கும், அடுத்தது 8 சுருங்கும். கடையில் போட்டுப் பார்க்கும் வாடிக்கையாளருக்குச் சட்டை தொளதொளவென்று இருக்கும். ரெடிமேட் சட்டைக்கு அந்த வழி எனக்குச் சரிப்படவில்லை.

அதே சமயம் ஒரு சட்டைக்குத் துணி எடுத்துத் தையல்காரரிடம் கொடுப்பவருக்கு சான்போரைஸ் முத்திரை தேவையே இல்லை. இரவு தண்ணீரில் நனைத்து, பிழியாமல் நிழலில் காயவைத்துத் தைக்கக் கொடுங்கள் என்று நம் தையல்காரர்கள் சொல்வது அந்த ரப்பர் பெல்ட் செய்யும் வேலையைத்தான். ஒரு முறை நனைத்தாலே சுருக்கத்தின் பெரும்பகுதி போய்விடும். கைத்தறித் துணிக்கு இதுவே ஒரே வழி. மெர்சரைசிங்கை மட்டும் வீட்டில் செய்ய முடியாது.

எங்கே கெடும்

சான்போரைசிங் எப்போதும் கடைசி வேலை. அதற்குப் பிறகு துணியை இழுக்கும் எந்த மெஷினும் அதன் பலனைத் திருப்பி எடுத்துவிடும். மினுமினுப்புக்காக மறுபடி, ரோலர்களுக்கு நடுவே அழுத்தும் காலண்டர் மெஷினில் ஓட்டுவது, ரோல் சுற்றும்போது இறுக்கி இழுப்பது இரண்டும் வழக்கமான குற்றவாளிகள். பட்டறை ரிப்போர்ட்டில் அரை சதவீதம், உங்கள் கட்டிங் டேபிளில் இரண்டரை சதவீதம் என்றால் இடையில் யாரோ இழுத்திருக்கிறார்கள். ரோலைப் பிரித்து ஒரு இரவு தளர்வாக மடித்துப் போட்டுவிட்டு வெட்டினால் கொஞ்சம் திரும்பும்.

ஈரம் போதாமல் ஓட்டினால் நூல் வளைந்துகொடுக்காது. சுருக்கம் எடுத்த மாதிரி காட்டிவிட்டுப் பாதிதான் எடுத்திருக்கும். பெல்ட் பழையதாகி மேல்பரப்பு வெடித்திருந்தால் துணி முழுக்க நுண்ணிய சொரசொரப்புத் தெரியும். சாய்வான வெளிச்சத்தில் பார்த்தால் உடனே பிடிபடும். ஊடை மிக நெருக்கமாக நெய்த துணியில் மெஷினால் அதிகம் எடுக்க முடியாது, நெருங்க இடமே இல்லை என்பதால்.

மெர்சரைசிங்கின் கோளாறு வேறு மாதிரி. அது வெள்ளையில் ஒளிந்துகொள்ளும், சாயத்தில்தான் வெளிப்படும். ஈரம் சரியாகப் பிழியாமல் துணி காஸ்டிக்குள் போனால் அந்த இடத்தில் கெட்டி குறையும். நேவி புளூவில் கரை ஒரு நிறம், நடு ஒரு நிறம் என்று நிற்கும். அதற்கு மருந்து கிடையாது. ஆகவே மொத்தமும் சாயத்துக்குப் போகும் முன் அகலம் முழுக்க ஒரு பட்டை வெட்டிச் சாயம் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். லேப் வசதி இருந்தால், மெர்சரைசிங் எவ்வளவு நடந்திருக்கிறது என்று காட்டும் பேரியம் எண் கேட்கலாம். மெர்சரைஸ் செய்யாத பருத்தி 100 சொச்சம், முழுதாகச் செய்தது 150-ஐ ஒட்டி நிற்கும். 115, 120 என்று வந்தால் அரைகுறை என்று அர்த்தம். வெள்ளைத் துணிக்கு இன்னொன்று: காஸ்டிக் முழுதாகக் கழுவப்படாவிட்டால் கோடவுனில் மஞ்சளடிக்கும். ஒரு சொட்டு பினாப்தலீன் விட்டுப் பார்த்தால் போதும், ரோஸ் நிறம் வந்தால் உள்ளே காரம் இருக்கிறது.

காலண்டர், ரெசின், அம்மோனியா

சந்தையில் மெர்சரைஸ் என்று விற்கும் பளபளப்பில் ஒரு பங்கு வெறும் காலண்டர். சூடான ரோலர்களுக்கு நடுவே அழுத்தி நூலைத் தட்டையாக்கினால் அந்த மினுமினுப்பு வரும், விலையும் குறைவு. ஆனால் துணியின் ஒரு மூலையை நனைத்துக் கசக்கிக் காயவைத்தால் காலண்டர் பளபளப்பு போய்விடும். மெர்சரைஸ் மினுமினுப்பு அப்படியே இருக்கும். துணி வாங்கப் போகும்போது ஒரு தண்ணீர் பாட்டில் எடுத்துப் போங்கள்.

ரெசின் பினிஷ் கசங்காமல் இருக்கச் செய்வது. செல்லுலோஸ் சங்கிலிகளுக்கு நடுவே ரசாயனப் பாலம் போட்டு 150 டிகிரிச் சொச்சத்தில் வேகவைப்பார்கள். தண்ணீர் பட்டாலும் இழை அதிகம் உப்பாது என்பதால் சுருக்கமும் குறையும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, விலை பலத்தில் போகிறது. பாலம் போட்ட இழை நெகிழாது, சுமை பங்கிடாமல் அறுந்துவிடும். கிழியும் பலமும் இழுபலமும் மூன்றில் ஒரு பங்கு குறைவது சாதாரணம். காலர் மடிப்பும் கைமடிப்பும் முதலில் பிய்யும். 'இஸ்திரி வேண்டாம்' என்ற சட்டை சீக்கிரம் பிய்வதற்கு இதுவே காரணம். மெர்சரைஸ் செய்த துணியின் மேல் ரெசின் போட்டால் இழந்த பலத்தில் ஒரு பகுதியை முன்கூட்டியே சேர்த்துவைத்த மாதிரி ஆகும். அப்படி இல்லாமல் கார்டட் துணியில் நேரடியாக ரெசின் போடுவதை நான் சிபாரிசு செய்யமாட்டேன். ரெசினில் இருந்து வரும் ஃபார்மால்டிஹைடு துணியில் மிச்சம் இருக்கிறதா என்று ஏற்றுமதி வாடிக்கையாளர் கேட்பார். தோலில் படும் துணிக்கு ஓக்கோ-டெக்ஸ் தரச்சான்று வைக்கும் வரம்பு கிலோவுக்கு 75 மில்லிகிராம்.

திரவ அம்மோனியா என்று ஒன்றும் உண்டு. மைனஸ் 33 டிகிரியில் கொதிக்கும் அம்மோனியாவில் துணியை முக்கி எடுப்பது. காஸ்டிக் அளவு பளபளப்பு வராது, ஆனால் தொடு உணர்வு மென்மையாக இருக்கும். ரெசின் குறைவாகப் போட்டாலே கசங்காமல் நிற்கும், பலம் அவ்வளவு போகாது. மூடிய அறையும் அம்மோனியா மீட்கும் பிளான்ட்டும் வேண்டியிருப்பதால் பெரிய மில்கள்தான் செய்ய முடியும். ஆயிரம் மீட்டர் ஆர்டருக்கு இது பேச்சோடு சரி.

தம்பிக்குச் சொன்ன ஆர்டர்

நேவி புளூவுக்கு: சின்ஜிங், பாவுக் கஞ்சியை எடுக்கும் டிசைஸ், மெழுகையும் அழுக்கையும் போக்கும் ஸ்கவரிங், பிளீச், செயின் மெஷினில் மெர்சரைஸ், சாயம், ஸ்டென்டர், கடைசியாகச் சான்போரைஸ். பேரியம் எண் 135-க்குக் குறையக் கூடாது. வெள்ளைக்கும் நூல் கோம்டு என்பதால் மெர்சரைஸ் எடுபடும். கையில் காசு இறுக்கம் என்றால் வெள்ளையில் மெர்சரைஸை விட்டுவிடலாம், சான்போரைஸை விடக் கூடாது. பளபளப்பு குறைந்த சட்டையை வாடிக்கையாளர் போட்டுக்கொள்வார். கொப்புளக் காலரைப் போடமாட்டார்.

பில்லில் 'சான்போரைஸ்டு' என்ற ஒரு வார்த்தையை மட்டும் எழுதி வாங்க வேண்டாம். "மூன்று துவைப்புக்குப் பின் பாவிலும் ஊடையிலும் 1 சதவீதத்துக்கு மிகாமல்" என்று எழுதச் சொல்லுங்கள். ஊடையையும் சேர்த்து எழுதுவது முக்கியம், ஏனென்றால் ரப்பர் பெல்ட் நீளத்தை மட்டும்தான் குறைக்கும். அகலத்தைச் சரி செய்வது அதற்கு முந்தைய ஸ்டென்டர். நம் பாப்ளினில் ஊடைச் சுருக்கம் 2 சதவீதம் வந்தது. 58 அங்குலம் காட்டுவதற்காகத் துணியை ஸ்டென்டரில் அகலமாக இழுத்திருப்பார்கள். 57 அங்குலத்தில் ஓட்டச் சொல்லி, அதற்கேற்ப வெட்டுவதற்கான மார்க்கர் வரைபடத்தைப் போட்டால் அந்த 2 சதவீதத்தில் பெரும்பகுதி அங்கேயே தீர்ந்துவிடும்.